P = VI, I²R, V²/R: எந்த இடத்தில் எந்தச் சூத்திரம்?

மின்திறனுக்குப் பள்ளிப் பாடத்தில் மூன்று சூத்திரங்கள் வருகின்றன.

```
P = V I
P = I² R
P = V² / R
```

P என்பது வாட்டில் திறன், V வோல்ட்டில் மின்னழுத்தம், I ஆம்பியரில் மின்னோட்டம், R ஓமில் மின்தடை. முதல் சூத்திரத்தில் V-க்குப் பதிலாக IR என்று போட்டால் இரண்டாவது வரும். I-க்குப் பதிலாக V/R என்று போட்டால் மூன்றாவது வரும். இதை எல்லோரும் ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது சூத்திரத்தைப் பாருங்கள். மின்தடை கூடினால் திறனும் கூட வேண்டும் என்கிறது. மூன்றாவது அதற்கு நேர்மாறாக, மின்தடை கூடினால் திறன் குறையும் என்கிறது. ஒன்றிலிருந்து ஒன்று வந்த சூத்திரங்கள் எப்படி எதிரெதிராகப் பேசும்? மாணவனாக இருந்தபோது இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. கணக்கில் எந்த இரண்டு எண் கொடுத்திருக்கிறார்களோ, அவை இருக்கும் சூத்திரத்தை எடுத்துப் போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டேன். தேர்வுக்கு அது போதும். பிளக் ஏன் கருகியது என்று கண்டுபிடிக்கப் போதாது.

மின்தடை மாறும்போது மற்ற இரண்டில் எது அசையாமல் நிற்கிறது என்று கேட்டால் விடை வந்துவிடும். மின்னழுத்தம் அசையாமல் நின்றால் V²/R சொல்வது நடக்கும். மின்னோட்டம் அசையாமல் நின்றால் I²R சொல்வது நடக்கும். ஒரே வீட்டில், ஒரே வயரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. தண்ணீர் கொதிக்க வைக்கும் எலக்ட்ரிக் கெட்டில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: சீட்டைப் படியுங்கள், P = VI

கெட்டிலைக் கவிழ்த்தால் அடியில் ஒரு சீட்டு இருக்கும். பல கெட்டில்களில் இப்படி எழுதியிருக்கும்:

```
220-240 V ~  50/60 Hz  1850-2200 W
```

வோல்ட் இருக்கிறது, வாட் இருக்கிறது, ஓம் இல்லை. சீட்டை வைத்துக் கணக்குப் போடும்போது P = VI வசதியாக இருப்பது இதனால்தான். நமக்குத் தேவை பெரும்பாலும் மின்னோட்டம் என்பதால் அதை I = P/V என்று திருப்பிப் போடுகிறோம்.

240 வோல்ட்டில் 2200 வாட் என்றால் 2200 ÷ 240 = 9.17 ஆம்பியர். 10 ஆம்பியர் என்று எழுதிய நீட்டிப்பு வயர் இந்த ஒரு கெட்டிலுக்கே ஏறக்குறைய சரியாகப் போய்விட்டது. அதே பலகையில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால் என்ன ஆகும்? ஒவ்வொன்றுக்கும் ஆம்பியர் கண்டுபிடித்துக் கூட்ட வேண்டியதில்லை. வாட்டைக் கூட்டிவிட்டு ஒரே தடவை வகுக்கலாம். 230 வோல்ட்டில் கெட்டில் சுமார் 2000 வாட், இஸ்திரிப் பெட்டி 1000 வாட், மொத்தம் 3000 வாட். 3000 ÷ 230 = 13 ஆம்பியர். 10 ஆம்பியர் பலகைக்கு இது அதிகம்.

இந்தப் படியில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

படி 2: மின்னழுத்தம் மாறினால், P = V²/R

அந்தச் சீட்டை இன்னொரு தடவை பாருங்கள். 1850-2200 என்று எதற்கு இரண்டு எண்? தயாரிப்பில் முன்பின் இருக்கும் என்று பொத்தாம்பொதுவாக எழுதியதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்ளே இரண்டு வேகம் இருப்பதாக நினைப்பவர்களும் உண்டு. மூன்றாவது சூத்திரத்தை R = V²/P என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

```
220 × 220 / 1850 = 26.16 ஓம்
240 × 240 / 2200 = 26.18 ஓம்
```

இரண்டும் ஒரே எண்தான். சீட்டில் வோல்ட்டுக்கு இரண்டு எண், வாட்டுக்கு இரண்டு எண் இருந்தாலும் உள்ளே இருப்பது 26.17 ஓம் காயில் ஒன்றே ஒன்று. 220 வோல்ட் கொடுத்தால் அது 1850 வாட் எடுக்கிறது, 240 கொடுத்தால் 2200 எடுக்கிறது. கெட்டிலின் அசல் அடையாளம் அந்த ஓம். வாட் என்பது நாம் என்ன கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஓம் கையில் கிடைத்துவிட்டால் எந்த மின்னழுத்தத்துக்கும் விடை சொல்லலாம். 230 வோல்ட்டில் 52900 ÷ 26.17 = 2021 வாட். மின்சாரம் பலவீனமாக வந்து 200 வோல்ட்தான் இருக்கிறது என்றால் 40000 ÷ 26.17 = 1528 வாட். மின்னழுத்தம் 13 சதவீதம் குறைந்ததற்குத் திறன் 24 சதவீதம் குறைந்துவிட்டது. 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 314 கிலோஜூல் தேவை. வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் 2021 வாட்டில் அது 155 வினாடி வேலை, 1528 வாட்டில் 205 வினாடி. கெட்டில் மந்தமாகிவிட்டது என்று நாம் குறைப்படும் நாட்களில் கெட்டிலில் எந்தக் கோளாறும் இருக்காது.

இங்கே P = VI-யைத் தூக்கிக்கொண்டு வந்தால் வழுக்கும். 230 வோல்ட்டில் கெட்டில் 8.79 ஆம்பியர் எடுக்கிறது, ஆகவே 200 வோல்ட்டில் 200 × 8.79 = 1758 வாட் என்று போடுவார்கள். சூத்திரத்தில் தப்பில்லை, போட்ட எண்ணில்தான் தப்பு. மின்னழுத்தம் இறங்கியபோது மின்னோட்டமும் கூடவே 7.64 ஆம்பியருக்கு இறங்கிவிட்டது. 200 × 7.64 என்று போட்டால் அதே 1528 வரும். V²/R-இல் உள்ள அந்த வர்க்கம் இந்த இரட்டை இறக்கத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. மின்னழுத்தம் மாறும் எந்தக் கணக்கிலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

அந்த 26 ஓமை மல்டிமீட்டரில் நேரடியாகவும் பார்க்கலாம். கெட்டிலின் பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றி, கெட்டிலின் சுவிட்சை மட்டும் போட்டு வைத்து, பிளக்கின் இரண்டு மின்முனைகளுக்கிடையே ஓம் அளவில் வையுங்கள். மீட்டரின் இரண்டு வயர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் சிறு எண்ணைக் கழித்துவிடுங்கள். 26-க்குப் பக்கத்தில் வந்தால் காயில் நலம். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம், அல்லது வழியில் உள்ள சுவிட்சோ வெப்பக் கட்டுப்பாடோ திறந்திருக்கலாம். எர்த் முனைக்கும் மின்முனைகளுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் அந்தக் கெட்டிலைத் திரும்பச் செருகாதீர்கள்.

படி 3: வயரும் பிளக்கும், P = I²R

இப்போது கெட்டிலை 10 மீட்டர் நீட்டிப்பு வயரில் செருகுகிறோம். உள்ளே 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கம்பியின் மொத்த நீளம் 20 மீட்டர். அதன் மின்தடை ஏறக்குறைய 0.5 ஓம்.

இந்த வயரில் எத்தனை வாட் வெப்பமாக வீணாகிறது? ஓம் தெரியும், வீட்டில் 230 வோல்ட் என்பதும் தெரியும், எனவே V²/R என்று பேனா தானாகவே ஓடும்.

```
230 × 230 / 0.5 = 105800 W
```

ஒரு லட்சம் வாட்! 10 மீட்டர் வயர் இத்தனை வாட்டை வாங்கினால் அறையே எரிந்துபோகும். பிழை எங்கே? V என்பது எந்தப் பொருளின் திறனைக் கேட்கிறோமோ அந்தப் பொருளின் இரண்டு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம். 230 வோல்ட் வயரின் மேல் விழவில்லை. வயரும் கெட்டிலும் தொடராக இருப்பதால் 230-ஐ இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன, அதில் வயருக்கு விழுவது சில வோல்ட்தான். ஆனாலும் அந்த ஒரு லட்சம் வெற்று எண் இல்லை. கெட்டிலுக்குப் பதிலாக வயரின் மறுமுனையில் இரண்டு கம்பிகளும் நேராக ஒட்டிக்கொண்டால், அதாவது ஷார்ட் சர்க்யூட் ஆனால், முழு 230-உம் வயரின் மேல்தான் விழும். அப்போது 460 ஆம்பியர் ஓடப் பார்க்கும். சுவரில் இருக்கும் எம்.சி.பி. அந்தக் கணமே விழுவதற்குக் காரணம் அந்த எண்தான்.

வயரின் பங்கு எத்தனை வோல்ட் என்று நேராகத் தெரியாது. ஆனால் கெட்டில் வழியாக ஓடும் அதே மின்னோட்டம்தான் வயரிலும் ஓடுகிறது என்பது தெரியும். தொடராக உள்ள எதற்கும் I²R வசதியாக அமைவது இதனால்தான்.

```
I       = 230 / (26.17 + 0.5) = 8.62 A
வயர்     = 8.62² × 0.5   =   37 W
கெட்டில்  = 8.62² × 26.17 = 1946 W
```

சரிபார்க்க வேண்டுமா? மொத்தம் 230 × 8.62 = 1983 வாட். 1946-உம் 37-உம் சேர்ந்தால் அதேதான்.

37 வாட் என்பது ஒரு சால்டரிங் அயர்னின் திறன். 10 மீட்டர் நீளத்துக்கும் பரவினால் மீட்டருக்கு 4 வாட்கூட இல்லை, காற்றே எடுத்துக்கொண்டு போய்விடும். அதே வயரை உருளையில் சுற்றியபடியே வைத்துக் கெட்டிலையோ ஹீட்டரையோ ஓட்டினால், அந்த 37 வாட்டும் ஒரு கைப்பிடிக் கட்டுக்குள் அடைபட்டு உள்சுற்றுகளின் காப்புறையை இளக்கும். நீட்டிப்பு வயரை முழுதாக அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்வது இதற்காக.

இதைவிட மோசமான இடம் பிளக்கின் முனை. வயரை விட்டுவிட்டு, கெட்டில் நேராகச் சுவரில் செருகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாக்கெட்டின் உள்ளே முனையைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, அந்தத் தொடர்பில் மட்டும் 0.1 ஓம் வந்துவிட்டது. மின்னோட்டம் 230 ÷ 26.27 = 8.76 ஆம்பியர், தொடர்பில் உண்டாகும் வெப்பம் 7.7 வாட். சிறிய எண்தான். ஆனால் அது பிறக்கும் இடம் ஓர் அரிசி மணி அளவு. அங்கே உலோகம் சூடேறுகிறது, மேல்பரப்பு ஆக்சைடாகிறது, மின்தடை 0.3 ஓமுக்கு ஏறுகிறது. இப்போது மின்னோட்டம் 8.69 ஆம்பியர். அதாவது ஏறக்குறைய மாறவே இல்லை, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது கெட்டிலின் 26 ஓம். வெப்பம் மட்டும் 22.7 வாட்டுக்கு, மூன்று மடங்காகத் தாவிவிட்டது. மின்தடை கூடக் கூடத் திறன் கூடும் என்று I²R சொன்னதை இங்கே கண்ணால் பார்க்கலாம். சூடு தடையைக் கூட்டுகிறது, தடை சூட்டைக் கூட்டுகிறது. கடைசியில் பிளாஸ்டிக் பழுப்பாகிறது.

அதே சாக்கெட்டில் ஒரு மின்விசிறி வருடக்கணக்காக ஓடியிருக்கும். அது எடுப்பது ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. அதன் வர்க்கம் ஒன்பதில் ஒரு பங்கு, அதை 0.1-ஆல் பெருக்கினால் வருவது 0.01 வாட். "இவ்வளவு நாளா நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

கண்டுபிடிப்பது எளிது. கெட்டில் கொதித்து நின்றதும் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் பிளாஸ்டிக் முகத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. ஒரு முனையின் பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்துத் தொடர்பு கெட்டுவிட்டது. மாற்ற வேண்டியது சாக்கெட்டை. பிளக்கை மட்டும் மாற்றினால் புதிய பிளக்கும் அதே இடத்தில் கருகும்.

படி 4: இரண்டும் ஒரே பொருளில்

எங்கள் வீட்டில் 1000 வாட் காயில் அடுப்பு ஒன்று இருந்தது. காயில் ஒருநாள் ஓரத்தில் அறுந்தது. பழுது பார்த்தவர் கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து முனையில் மாட்டிக் கொடுத்தார். "பாருங்கண்ணே, முன்னைவிட நல்லா சூடு வருது" என்றார். உண்மைதான், முன்னைவிடப் பளிச்சென்று சிவந்தது. சில நாளில் திரும்ப அறுந்தது.

என்ன நடந்தது என்று பார்ப்போம். காயிலின் மின்தடை 230² ÷ 1000 = 52.9 ஓம். பத்தில் ஒரு பங்கு நீளம் போய்விட்டதாக வைத்தால் 47.6 ஓம். காயிலின் இரண்டு முனைகளிலும் 230 வோல்ட் அசையாமல் இருக்கிறது. ஆகவே முழு அடுப்புக்கு V²/R: 52900 ÷ 47.6 = 1111 வாட். தடை குறைந்தது, திறன் 11 சதவீதம் கூடியது. அவர் சொன்ன "நல்லா சூடு" இதுதான்.

ஆனால் அறுவது அடுப்பு முழுவதும் இல்லையே, கம்பியின் ஏதோ ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்கு 230 வோல்ட் தெரியாது, அதன் வழியாக ஓடும் மின்னோட்டம்தான் தெரியும். எனவே அதற்கு I²R. மின்னோட்டம் 4.35-இலிருந்து 4.83 ஆம்பியராக ஏறியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் கம்பியின் தடை பழையதேதான். ஆக அதன் வெப்பம் (4.83 ÷ 4.35)² = 1.23 மடங்கு. அடுப்பு மொத்தத்துக்கு 11 சதவீதம் கூடியபோது ஒவ்வொரு சென்டிமீட்டரும் 23 சதவீதம் கூடுதலாகச் சுமந்தது. போதாக்குறைக்கு, இழுத்த இடத்தில் கம்பி மெலிந்து, அங்கே தடை மற்ற இடங்களைவிட அதிகம். மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே என்பதால் மெலிந்த இடம்தான் அதிகம் சுடும். திரும்ப அறுந்ததும் அந்த இழுத்த பகுதியில்தான். காயிலைப் புதிதாக வாங்கிப் போட்டிருக்க வேண்டும்.

எங்கே இவை கைவிடும்

குண்டு பல்பை மல்டிமீட்டரால் அளந்து V²/R போட்டால் விசித்திரமான எண் வரும். 60 வாட் பல்பு எரியும்போது அதன் தடை 882 ஓம். அணைந்து ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 65 ஓம் என்று அளந்தால் கணக்கு 814 வாட் சொல்லும். சுவிட்சைப் போட்ட முதல் கணத்துக்கு அந்த எண் கிட்டத்தட்டச் சரி. டங்ஸ்டன் இழை வெள்ளையாகச் சூடேறியதும் தடை ஏறி 60 வாட்டில் நின்றுவிடும். கெட்டில், இஸ்திரிப் பெட்டிக் காயில்களில் இருக்கும் நைக்ரோம் போன்ற கலவைகளின் தடை சூட்டில் சில சதவீதமே மாறும் என்பதால் அங்கே மீட்டரை நம்பலாம்.

மோட்டார் உள்ள சாதனங்களில் V²/R-ஐ விட்டுவிடுங்கள். P = VI-யும் அப்படியே செல்லாது, திறன் காரணி என்ற ஒன்று உள்ளே வந்துவிடும். ஒரு குளிர்சாதனப் பெட்டியின் சீட்டில் 150 வாட், 1 ஆம்பியர் என்று இருந்தால் 230 × 1 = 230 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 150 ÷ 230 = 0.65 என்பதுதான் அந்தக் காரணி. ஆனால் வயரின் சூட்டுக்கு I²R அப்போதும் அப்படியே பொருந்தும். அதில் போட வேண்டியது சீட்டில் இருக்கும் 1 ஆம்பியரை. வாட்டை வோல்ட்டால் வகுத்து வரும் 0.65-ஐப் போட்டால் வயரின் வெப்பத்தைப் பாதிக்கும் குறைவாகக் கணக்கிட்டுவிடுவீர்கள்.

கடைசியாக, எல்.இ.டி. பல்பும் கைப்பேசி சார்ஜரும். கெட்டில் சீட்டில் வோல்ட்டுக்கும் இரண்டு எண், வாட்டுக்கும் இரண்டு எண் இருந்தது. ஒரு எல்.இ.டி. பல்பில் 100-240 V, 9 W என்று, வோல்ட்டுக்கு இரண்டு எண்ணும் வாட்டுக்கு ஒரே எண்ணும் இருக்கும். அதற்கும் R = V²/P போட்டுப் பாருங்கள். 100 வோல்ட்டில் 1111 ஓம், 240 வோல்ட்டில் 6400 ஓம். கெட்டிலில் 26-உம் 26-உமாக ஒத்துப்போனது இங்கே ஆறு மடங்கு விலகி நிற்கிறது. உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று, மின்னழுத்தம் ஏறினால் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு 9 வாட்டையே பிடித்து வைக்கிறது. அசையாமல் நிற்பது இங்கே V-யும் இல்லை, I-யும் இல்லை, P.